இருபது சென் மசாலா

பிறையில் மாதம் ஒருமுறை ஏழெட்டுப் பேர் கூடி, எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். போன கூட்டத்தில் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு பெண் வாசித்த சிறுகதை இன்னும் என்னை விடவில்லை. அது அச்சில் வரவில்லை. தலைப்பும் வைக்கவில்லை. தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கைப்பிரதியை இரவல் வாங்கி வந்து மூன்று முறை படித்துவிட்டேன். கதை சின்னதுதான், பதினோரு பக்கம். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு சொல்லில் கால் தட்டி நின்றுவிடுகிறேன்.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த சமையல்காரர் ஒருவர், பிறையில் ஓர் உணவுக்கடையில் வேலை செய்கிறார். கடையில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். கதையிலும் அதுதான் அவருக்குப் பெயர். அடுக்குமாடி வீட்டில் அவருக்குப் பக்கத்து வீடு ஒரு ஞோஞ்ஞா கிழவியுடையது. ஒருநாள் அந்த அம்மாள் வாசல் கம்பிக்கதவைத் தட்டி, கேஸ் தோங்கைத் தூக்கி உள்ளே வைக்க உதவி கேட்கிறாள். பதினான்கு கிலோ கேஸ், அதோடு உருளையின் எடையும் சேரும். தூக்கி வைத்து நிமிர்ந்தால் கண்ணெதிரே சுவர். அதில் வரிசையாகச் சமையல் குறிப்பு அட்டைகள். எடுத்துக்கொள்ளலாமா என்று கைப்பேசியைக் காட்டிச் சைகையில் கேட்கிறார். அவள் தலையசைக்கிறாள். ஆறு படம் எடுக்கிறார். அந்த ஆறு படத்தையும் இரவில் கட்டிலில் படுத்தபடி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிப்பதுதான் கதை.

சமையல்காரன் ஒருவனைக் கதையில் வைத்தால் பெரும்பாலும் அவனை அடுப்படியில் வியர்க்க வைப்பார்கள். இந்த அம்மா அவனைப் படிக்க வைத்திருக்கிறார். இருபது ஆண்டு கரண்டி பிடித்த கை, முதன்முறையாக ஒரு குறிப்பை எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. கைக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிவதைக் கை நம்ப மறுக்கிறது. கதை முழுக்க இந்த இழுபறிதான்.

எந்த அட்டையை முதலில் படிப்பது என்று அவர் முடிவு செய்கிற இடம் முதலில் என்னைப் பிடித்தது. எழுத்தைப் பார்த்து அவர் தேர்ந்தெடுக்கவில்லை, எண்ணெய்க் கறையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். ஆறில் நான்கு அட்டைகள் வெள்ளையாக இருக்கின்றன. ஒன்றில் ஓரத்தில் மட்டும் மஞ்சள். ஒன்றே ஒன்று முழுக்க ஊறி, கண்ணாடித்தாள் போல ஒளி ஊடுருவும் அளவுக்கு ஆகிவிட்டது. இந்த வீட்டில் அதிகம் கொதித்த குழம்பு அதுதான் என்று அவருக்குப் படிக்காமலே தெரிந்துவிடுகிறது. மீன்கறி அட்டை. ஒரு சமையல்காரர் இப்படித்தான் பார்ப்பார்.

அட்டைகளில் இரண்டு பேருடைய கையெழுத்து. பழையது கிழவியின் அம்மா எழுதியது, மற்றது கிழவியே பின்னால் எழுதியது. இரண்டும் மலாய்தான், ரோமன் எழுத்தில். மாஸ்டருக்கு மலாய் காதில் விழுந்து பழக்கம் உண்டு, படித்துப் பழக்கமில்லை. ஊரில் பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு கூட்டிக் கூட்டிப் படிக்கிறார். இங்கேதான் ஓர் அழகான திருப்பம். புதிய அட்டை அவருக்கு விளங்கவில்லை, பழைய அட்டை விளங்குகிறது.

காரணத்தைக் கதை சொல்வதில்லை. எனக்குத் தெரிந்ததால் சொல்கிறேன். 1972இல் மலாய் மொழியின் ரோமன் எழுத்துமுறையை மாற்றினார்கள். அதற்கு முன் ‘ச்ச’ ஒலிக்கு ஆங்கிலத்தில் எழுதுவது போலவே ‘சி’, ‘எச்’ என்று இரண்டு எழுத்து சேர்த்து எழுதுவார்கள். அதற்குப் பிறகு ‘சி’ ஒன்றே போதும் என்றாகிவிட்டது. மகள் எழுதிய ‘சூச்சி’ என்ற சொல்லை, கழுவு என்று பொருள், மாஸ்டர் ‘குகி’ என்று படித்துவிட்டு விழிக்கிறார். அவர் கற்ற ஆங்கிலத்தில் அந்த எழுத்துக்குப் பூனையின் ‘க’தான் முதலில் நாக்கில் வரும். அம்மா எழுதிய அதே சொல்லில் ‘எச்’ இருப்பதால் உள்ளபடி ‘சூச்சி’ என்றே வந்துவிடுகிறது. மீனைக் கழுவும்போது கடையில் நாளெல்லாம் கேட்கிற சொல் அது. இறந்துபோன ஒருத்தியின் எழுத்து அவரிடம் பேசுகிறது, உயிரோடு பக்கத்து வீட்டில் இருப்பவளின் எழுத்து பேசவில்லை. கதாசிரியர் இதன்மேல் ஒரு வாக்கியம்கூட ஏற்றிவைக்கவில்லை. ‘குகி’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

பழைய எழுத்தும் எப்போதும் கைகொடுப்பதில்லை. ஊறுகாய் அட்டையில் ‘சூக்கா’ ஒரு போத்தல் என்றிருக்கிறது. சுக்கு என்று எண்ணிக்கொள்கிறார். ஊறுகாயில் சுக்கு போடுவார்களா என்று யோசிக்கிறார், போட்டாலும் போடலாம், இவர்கள் எதில் எதைப் போடுவார்கள் என்று யார் கண்டது. ஆனால் சுக்கை யார் போத்தலில் அளப்பார்கள்? அந்த ‘போத்தல்’தான் அவரைத் திருத்துகிறது. சூக்கா என்றால் காடி, வினிகர். தெரியாத சொல்லைப் பக்கத்தில் இருக்கும் அளவுச்சொல் காட்டிக்கொடுக்கிறது. சமையல் குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்கிற முறையே இதுதான். அதே போல மீன் அட்டையின் முதல் வரியில் வரும் ‘காத்தி’யைக் கட்டி என்று படித்து, ஒரு கட்டி மீன் என்றால் ஒரு துண்டா என்று குழம்பி, பிறகு அது நிறை என்று கண்டுகொள்கிறார். பதினாறு தாஹில் ஒரு காத்தி. நம் கணக்கில் சுமார் 600 கிராம்.

நான் மிகவும் ரசித்த இடம் ‘பெச்சா’ என்ற சொல்.

மீன்கறி அட்டையில் அரைத்த மசாலாவை வதக்குவது பற்றி ஒரு வரி வருகிறது: எண்ணெய் ‘பெச்சா’ ஆகும் வரை வதக்கு. கடையில் பாத்திரம் கழுவும் இந்தோனேசியப் பையனிடம் கேட்கிறார். அவன் ஒரு முட்டையை எடுத்து விளிம்பில் தட்டிக் காட்டுகிறான். உடைவது. எண்ணெய் உடையும் வரை. முதலில் சிரிப்பு வருகிறது, எண்ணெய் எங்கே உடையும்? பிறகு அன்றைய கறிக்கு மசாலா வதக்கும்போது கவனித்துப் பார்க்கிறார். இந்த ஒரு பத்தியில் கதாசிரியர் அடுப்பருகே முகத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். முதலில் விழுதிலிருக்கும் தண்ணீர் கொப்புளம் கொப்புளமாக வெடிக்கிறது, ஆவி மேலே வருகிறது, கரண்டியில் விழுது ஒட்டுகிறது. பச்சை வெங்காய வாடை. கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறுகிறது. கொதிக்கிற சத்தம் போய்ப் பொரிகிற சத்தம் வருகிறது. ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் கசிகிறது. விழுது சட்டியை விட்டு விலகி ஒன்றாகத் திரள்கிறது. இத்தனை காலம் இதை ‘எண்ணெய் பிரியணும்’ என்று எத்தனை உதவிக்காரப் பையன்களுக்குச் சொல்லியிருப்பார். அதே நொடியைத்தான் இன்னொரு ஊர்க்காரி உடைவது என்று எழுதி வைத்திருக்கிறாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதை என்பேன். ஆனால் அதே அட்டையில் நான்கு வரி கீழே அந்தச் சொல் மறுபடி வருகிறது. இந்த முறை தேங்காய்ப்பாலுக்கு. பால் ‘பெச்சா’ ஆகக் கூடாது, கிண்டிக்கொண்டே இரு. மாஸ்டர் திகைத்துப் போகிறார். மேலே உடையும் வரை என்கிறாள், கீழே உடையாதே என்கிறாள். ஒரே சொல், ஒரே அட்டை.

தமிழ்ச் சமையலறையில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. நமக்கு எண்ணெய் பிரியும், பால் திரியும். இரண்டு நிகழ்ச்சிக்கும் இரண்டு சொல் வைத்துக்கொண்டதால், அவை ஒரே மாதிரியானவை என்பதையே நாம் கவனிக்கவில்லை. உண்மையில் இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். தண்ணீரோடு கலந்து பிடிபட்டிருக்கும் கொழுப்பு, சூட்டில் பிடி விட்டு வெளியே வருகிறது. மசாலா விழுதில் அது வந்தால் பச்சை வாடை போய்விட்டது என்று பொருள். தேங்காய்ப்பாலில் அது வந்தால், மேலே எண்ணெய் தனியாகவும் கீழே தயிர் போலக் கட்டி கட்டியாகவும் நிற்கும், குழம்பின் வழவழப்பு போய்விடும். பாலில் கொழுப்பைக் கட்டிவைத்திருக்கும் புரதம் அதிகச் சூட்டில் திரண்டுவிடுவதால் வருவது இது. அதனால்தான் இரண்டாம் பாலை முதலில் ஊற்றி மீனை வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் சின்னத் தீயில் சேர்த்து, தளதளவென்று கொதிக்கவிடாமல் கிண்டிக்கொண்டே இறக்குகிறோம். வேதியியல் தெரியாத ஒரு ஞோஞ்ஞா, இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லி, ஒன்றை வரவேற்கவும் மற்றதைத் தடுக்கவும் அட்டையில் எழுதிவிட்டாள். அதைப் படிக்கும் மாஸ்டர், தன் மொழியில் இரண்டாக இருந்ததை முதன்முறை ஒன்றாகப் பார்க்கிறார். இதுவரை நான் எந்தத் தமிழ்க் கதையிலும் அடுப்படியிலிருந்து இப்படி ஒரு கண்டுபிடிப்பு வந்து பார்த்ததில்லை.

இனி மசாலாவுக்கு வருகிறேன். கதையின் முடிச்சு அதில்தான்.

மீன்கறி அட்டையில் மீன் ஒரு காத்தி, கறிவேப்பிலை இரண்டு கொத்து, வெண்டைக்காய் பத்து என்றெல்லாம் தெளிவாக இருக்கிறது. மசாலாவுக்கு மட்டும் ஒரே வரி: மீன் ரெம்பா, இருபது சென். அவ்வளவுதான். மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று எதுவும் இல்லை. காசுக் கணக்கு மட்டும் இருக்கிறது.

மாஸ்டர் உடனே தன் பாட்டியை நினைத்துக்கொள்கிறார். நாட்டு மருந்துக் கடையில் ‘ரூபாய் எடை’ என்று சொல்லி வாங்குவாள் அவள். பழைய வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, ஏறக்குறைய பதினொன்றே முக்கால் கிராம். நம்மிடம் காசே படிக்கல்லாக இருந்த காலம் அது. அவர் அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவந்து பொருத்துகிறார். கடையின் தராசில் ஒரு பத்துச் சென் நாணயத்தை வைக்கிறார். மூன்று கிராம்கூட நிறைவாக இல்லை. இரண்டு நாணயம், ஆறு கிராம். அந்த ஆறு கிராம் மீன் மசாலாவை 600 கிராம் மீனுக்குப் போட்டுக் குழம்பு வைக்கிறார்.

என்ன ஆகும் என்று சமைப்பவர்களுக்குத் தெரியும். மீன் குழம்பில் உடம்பைத் தருவது மல்லி. அது இல்லாவிட்டால் பாலும் புளியும் தனித்தனியாக நிற்கும். சட்டியில் வந்தது வெளிறிய மஞ்சளாக, கரண்டியில் எடுத்தால் ஓடுகிறதாக, ஒரு சொதி. நல்ல சொதி என்று கதையில் ஒரு வார்த்தை வருகிறது. தோல்வியைக்கூட அந்த மனிதர் அதற்குரிய பெயரால் அழைக்கிறார். இந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இந்தத் தவறு ஏன் இவ்வளவு அழகு என்று யோசித்துப் பார்த்தேன். பாட்டியின் ரூபாய் என்பது நாணயத்தின் எடை. அந்த நாணயம் ஒன்று கையில் கிடைத்தால் இன்றைக்கும் பாட்டியின் அளவை நாம் மீட்டுவிடலாம். கிழவியின் அம்மா எழுதிய இருபது சென் என்பது விலை. மல்லி விலை ஏறிய அன்றே அந்த அளவு செத்துவிட்டது. நிறையாக எழுதிய குறிப்பு பேரப்பிள்ளைக்கும் உதவும், விலையாக எழுதிய குறிப்பு எழுதியவளின் சந்தையோடு முடிந்துவிடும். ஞோஞ்ஞா சமையலில் ‘ஆகாக் ஆகாக்’ என்று ஒரு பேச்சு உண்டு, கண்ணால் மதித்து, கையால் அள்ளிப் போடுவது. 1974இல் திருமதி லீ சின் கூன் சிங்கப்பூரிலிருந்து தன் சமையல் நூலை வெளியிட்டபோது, இப்படிக் கைப்பழக்கத்தில் மட்டும் இருந்ததைத்தான் அளவுகளாக எழுதி வைத்தார். சுவரில் ஒட்டிய அட்டைக்கு அந்தத் தேவை இல்லை. எழுதியவளே படிக்கப் போகிறாள், சந்தை நாளைக்கும் இருக்கும் என்று அவள் நம்பியிருக்கிறாள்.

சொதியை எடுத்துக்கொண்டு மாஸ்டர் பக்கத்து வீட்டுக்குப் போகிறார். கிழவி சட்டியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இருபது சென் என்றால் எவ்வளவு என்று கேட்கிறார். அவள் இரண்டு கையையும் குவித்து, நடுவில் ஒரு சிறு குழி வைத்துக் காட்டுகிறாள். பிறகு சொல்கிறாள்: ஜார்ஜ் டவுனில் பிறந்தவள் அவள். பாலம் வருவதற்கு முன்பே, அதாவது 1985க்கு முன்பே, கல்யாணமாகி இக்கரைக்கு வந்தவள். அக்கரையில் சௌராஸ்தா சந்தையில் அம்மாவோடு போய் மசாலா வாங்குவாள். கல்லில் அரைத்த விழுதுகள் தட்டில் குவியல் குவியலாக இருக்கும், மிளகாய் சிவப்பு, மஞ்சள், மல்லி பழுப்பு. மீனா, இறைச்சியா என்று மட்டும் கடைக்காரர் கேட்பார். இத்தனை சென்னுக்கு என்று அம்மா சொல்வாள். அவர் கையால் ஒவ்வொரு குவியலிலிருந்தும் வழித்து வாழையிலைத் துண்டில் வைத்து மடித்துக் கொடுப்பார். எதில் எவ்வளவு என்று அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஆனேவுக்குத் தெரியும்.

‘ஆனே.’ நம் அண்ணேதான் பினாங்குச் சீனர் வாயிலும் மலாய்க்காரர் வாயிலும் இப்படித் தேய்ந்திருக்கிறது. கதையின் முதல் பக்கத்திலேயே, கேஸ் தோங்குக்கு உதவி கேட்கும்போது, எழுபது வயதுக் கிழவி முப்பத்தைந்து வயது மாஸ்டரை ‘ஆனே’ என்றுதான் கூப்பிட்டாள். படிக்கும்போது அது வெறும் ஊர் வழக்கம் என்று தாண்டிப் போயிருந்தேன். ஒன்பதாம் பக்கத்தில் அந்தச் சொல் திரும்பி வரும்போதுதான் முதுகு நிமிர்ந்தது. அட்டையில் இல்லாத அளவு எங்கேயோ தொலைந்துபோகவில்லை. மசாலா அரைத்த ஒரு தமிழரின் கையில் இருந்தது அது. அதே கை இப்போது வாசலில் சொதிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கதாசிரியர் இதை விளக்கவில்லை. ஒரு சொல்லை இரண்டு இடத்தில் வைத்தார், அவ்வளவுதான். அந்தச் சிக்கனத்துக்கு அன்று கூட்டத்தில் கைதட்ட மறந்துவிட்டோம் என்று எனக்கு இப்போதும் குறை உண்டு.

அதன் பிறகு மாஸ்டர் கைப்பேசியை மூடிவிட்டுத் தன் கணக்கில் அரைக்கிறார். மீனுக்கு என்றால் பட்டை கிராம்பு வேண்டாம், அது இறைச்சிக்கு. வெந்தயம் கொஞ்சம் வேண்டும், மீன் வாடையை அது அடக்கும், ஆனால் ஒரு சிட்டிகை கூடினாலும் கசந்துவிடும். ஒரு காத்தி மீனுக்கு மல்லி மூன்று மேசைக்கரண்டி, மிளகாய் அதில் பாதி, சோம்பு இரண்டு தேக்கரண்டி, சீரகம் ஒன்று, மிளகும் மஞ்சளும் வெந்தயமும் அரை அரை. வறுத்து, தண்ணீர் தெளித்துக் கல்லிலேயே அரைக்கிறார். பொடியாகப் போட்டால் எண்ணெய் சீக்கிரம் பிடித்துக் கருகும், விழுதாக இருந்தால்தான் அந்த ‘உடைவு’ மெதுவாக வரும் என்பதால். அரைத்ததைத் திரட்டி இரண்டு கையிலும் எடுத்துப் பார்க்கிறார். கிழவி காட்டிய குழி ஏறக்குறைய நிரம்புகிறது. கணக்கு சரி என்பதற்குக் கதை தரும் ஒரே சான்று இது. எனக்கு இது போதும்.

ஓரிடத்தில் எனக்குக் குறை உண்டு, சொல்லாமல் விட்டால் பாராட்டும் பொய்யாகிவிடும். இதற்கு நடுவே மாஸ்டர் ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் அழுகிற அரைப்பக்கம் ஒன்று வருகிறது. அதை எடுத்துவிட வேண்டும். ‘குகி’ என்று எழுத்துக்கூட்டிய மனிதனின் தனிமை எங்களுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. கதாசிரியரிடம் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார்.

முடிவில் இரண்டாவது சட்டியோடு மாஸ்டர் மறுபடி அந்தச் சமையலறைக்குப் போகிறார். நிறம் வந்திருக்கிறது, ஓரத்தில் சிவப்பு எண்ணெய் நிற்கிறது, பால் திரியவில்லை. கிழவி ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடிக்கிறாள். ‘குராங் ஆசாம்’ என்கிறாள். புளி குறைவு.

மாஸ்டர் கைப்பேசியை எடுத்துப் படத்தைத் திறக்கிறார். புளியின் வரி அட்டையின் அடி ஓரத்தில் இருக்கிறது. அவர் எடுத்த படத்தில் அந்த ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது, புளி ‘இவ்வளவு பெரிதாக’ என்பதோடு படம் முடிந்துவிட்டது. எவ்வளவு பெரிதாக என்று தெரியாததால் ஊர் வழக்கப்படி எலுமிச்சம்பழ அளவு எடுத்திருந்தார். கிழவி அவர் கையிலிருக்கும் திரையைப் பார்க்கவில்லை. கரண்டியின் காம்பால் சுவரைத் தொட்டுக் காட்டுகிறாள். அவர் குனிந்து, அடுப்பின் சூடு முகத்தில் அடிக்க, எண்ணெய் ஊறிய அந்த அட்டையின் கடைசிச் சொல்லை எழுத்துக்கூட்டுகிறார். தெ-லோர் ஆ-யாம்.

கோழிமுட்டை.